கார் ஏசியில் நீலமும் சிவப்பும் ஏறி நின்றால் கேஸ் ஏற்றலாமா?

"அண்ணா, முதல் தடவையாக ஏசி கேஸ் அழுத்தம் பார்க்கும் மேனிஃபோல்டு கேஜ் செட் வாங்கியிருக்கிறேன். எங்கள் கார் 8 வருடம் ஓடியது, 134ஏ கேஸ். ஹைவேயில் நன்றாகக் குளிர்கிறது, சிக்னலில் நின்றால் வெறும் காற்றுதான். ராத்திரி முழுக்க நின்ற காரில் காலை 10 மணிக்கு இன்ஜின் போடாமல் பார்த்தேன்: இரண்டு முள்ளும் 110. நிழலில் 34 டிகிரி. ஏசி போட்டு ஐடிலில் விட்டால் நீலம் 55, சிவப்பு 330. கேஸ் கூடுதலா, குறைவா? டயலுக்குள் சின்ன எழுத்தில் இருக்கும் வட்டங்கள் எதற்கு? கொஞ்சம் கேஸ் ஏற்றிப் பார்க்கலாமா?"

ஏற்றாதீர்கள் தம்பி. மஞ்சள் ஹோஸில் கேஸ் டப்பா மாட்டியிருந்தால் முதலில் அதைக் கழற்றி வையுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் எண்களை வைத்துப் பார்த்தால் கேஸ் குறைவாக இருக்க வாய்ப்பில்லை. கண்டென்சரால் சூட்டை வெளியே தள்ள முடியவில்லை. பெரும்பாலும் ஃபேன் பக்கத்துக் கோளாறாக இருக்கும். எப்படி அந்த முடிவுக்கு வருகிறேன் என்று விளக்கமாகவே எழுதுகிறேன். நீங்கள் கேட்ட சின்ன வட்டங்களில்தான் பாதி பதில் இருக்கிறது.

டயலில் வெளி வட்டம் பிஎஸ்ஐ என்ற அழுத்த அளவு; நீங்கள் எழுதிய எண்கள் அதில்தான். அதற்கு உள்ளே பார் அல்லது கிலோ அளவு இருக்கும். ஒரு பார் என்பது 14.5 பிஎஸ்ஐ. அதற்கும் உள்ளே இருக்கும் சின்ன வட்டங்கள் அழுத்தத்தைக் காட்டுவதில்லை, வெப்பநிலையைக் காட்டுகின்றன. ஒவ்வொரு கேஸுக்கும் ஒரு வட்டம். அதில் 134ஏ என்று எழுதியிருப்பதை மட்டும் பாருங்கள். பக்கத்து வட்டம் 22-க்கோ 404-க்கோ உரியது; அதைப் படித்தால் மொத்தக் கணக்கும் தப்பாகிவிடும். சில செட்டுகளில் இந்த வட்டம் ஃபாரன்ஹீட்டில் இருக்கும், அதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அழுத்தம் காட்டும் கருவியில் வெப்பநிலை எதற்கு? வீட்டுக் குக்கரை நினைத்துப் பாருங்கள். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். குக்கரில் வெயிட் போட்டு மூடினால் அழுத்தம் கூடி, கிட்டத்தட்ட 120 டிகிரி போனால்தான் கொதிக்கும். அழுத்தம் எவ்வளவு என்று தெரிந்தால் உள்ளே தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கிறது என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். 134ஏ-வும் அப்படித்தான். திறந்த வெளியில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். 28 பிஎஸ்ஐ அழுத்தத்தில் 0 டிகிரியில் கொதிக்கும், 36-ல் 5 டிகிரி, 45-ல் 10 டிகிரி. மேலே போனால் 200-ல் 55 டிகிரி, 260-ல் 65 டிகிரி. திரவமும் ஆவியும் சேர்ந்து இருக்கும் எந்த இடத்திலும் இந்தக் கணக்கு மாறாது. கார் ஏசியில் அப்படிப்பட்ட முக்கியமான இடங்கள் இரண்டு. டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் திரவம் ஆவியாகிறது. முன்னால் கிரில்லுக்குப் பின்னே இருக்கும் கண்டென்சரில் ஆவி திரவமாகிறது. நீல முள் கூலிங் காயிலின் வெப்பநிலையைச் சொல்கிறது, சிவப்பு முள் கண்டென்சரின் வெப்பநிலையைச் சொல்கிறது. கம்ப்ரசரிலிருந்து வரும் டிஸ்சார்ஜ் பைப்பைத் தொட்டுப் பார்த்து 'டயல் சொல்வதைவிடச் சூடாக இருக்கிறதே' என்று குழம்ப வேண்டாம். அங்கே வெறும் ஆவிதான் ஓடுகிறது, அது டயல் சொல்வதைவிடக் கூடுதலாகச் சுடும். அந்தப் பைப்பில் கையை வைக்காமல் இருப்பதே நல்லது.

மாட்டுவதைப் பற்றி இரண்டு விஷயம். 134ஏ காரில் அழுத்தம் குறைந்த லோ சைடு போர்ட் 13 மில்லிமீட்டர், அழுத்தம் கூடிய ஹை சைடு போர்ட் 16 மில்லிமீட்டர் என்பதால் ஹோஸ் முனையில் இருக்கும் கப்ளரை மாற்றி மாட்டவே முடியாது. நீலம் தடித்த பைப்பில் உட்காரும், சிவப்பு ஒல்லியான பைப்பில். இரண்டாவது, மேனிஃபோல்டில் இருக்கும் இரண்டு கை வால்வுகள். புதிதாகப் பிடிப்பவர்கள் பலரும் வால்வைத் திறந்தால்தான் முள் காட்டும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இரண்டும் இறுக மூடியிருக்கும்போதே முள் காட்டும். கை வால்வு அந்தப் பக்கத்தை நடுவில் இருக்கும் மஞ்சள் ஹோஸோடு இணைப்பதற்கு மட்டும்தான். ஆகவே ரீடிங் பார்க்க எந்த வால்வையும் தொட வேண்டாம். ஏசி ஓடும்போது மஞ்சள் ஹோஸில் டப்பாவை வைத்துக்கொண்டு சிவப்பு வால்வைத் திறந்தால், 300 பிஎஸ்ஐ நேராக டப்பாவுக்குள் போய் டப்பா வெடிக்கும். இது ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது. கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். திரவக் கேஸ் தோலில் பட்டால் சதை உறைந்து புண்ணாகிவிடும். ஹோஸ் மாட்டும் முன் இரண்டு முள்ளும் சரியாகப் பூஜ்ஜியத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கவில்லை என்றால் டயல் முகத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், அதைத் திருப்பிச் சரிசெய்யலாம்.

சரி, இப்போது உங்கள் முதல் எண்ணுக்கு வருவோம். இன்ஜின் போடாமல் இரண்டும் 110. வட்டத்தில் 110-க்கு நேரே பார்த்தால் 34 டிகிரி இருக்கும். நிழலிலும் 34 டிகிரி என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பொருத்தம்தான் நான் யார் காரிலும் முதலில் தேடுவது, நீங்கள் கேட்காமலே அதைப் பார்த்து வைத்தது நல்லதாகப் போயிற்று. ராத்திரி முழுக்க நின்ற கார் முழுவதும் ஒரே சூட்டில் இருக்கிறது, உள்ளே திரவமும் இருக்கிறது; அதனால் அழுத்தம் சுற்றுப்புற வெப்பநிலைக்குச் சரியாக ஒத்துப்போகிறது. இதே 34 டிகிரியில் 130, 140 என்று நின்றிருந்தால் 134ஏ-வோடு வேறு எதுவோ கலந்திருக்கிறது, காற்றோ வேறு கேஸோ, என்று சந்தேகப்பட வேண்டும். வேக்கம் போடாமல், அதாவது உள்ளே இருக்கும் காற்றைப் பம்ப் வைத்து உறிஞ்சி எடுக்காமல், கேஸ் அடித்த வண்டிகளில் இதைப் பார்க்கலாம். உங்கள் காரில் அந்தச் சந்தேகம் இல்லை. 50, 60 என்று நின்றிருந்தால் உள்ளே ஒரு சொட்டுத் திரவம்கூட இல்லை, கேஸ் ஏறக்குறைய காலி என்று அர்த்தம். அதுவும் இல்லை.

ஆனால் இந்த 110 ஒன்றைச் சொல்லாது. உள்ளே எத்தனை கிராம் கேஸ் இருக்கிறது என்று சொல்லாது. சமையல் கேஸ் சிலிண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். முழு சிலிண்டரிலும் கால் சிலிண்டரிலும் அடுப்பு ஒரே மாதிரிதான் எரிகிறது. கடைசித் திரவம் தீரும்வரை உள்ளே அழுத்தம் குறையாது. எவ்வளவு மிச்சம் என்று தெரிய சிலிண்டரைத் தூக்கித்தான் பார்க்கிறோம். கார் ஏசியும் அப்படியே. 150 கிராம் இருந்தாலும் 110, 450 கிராம் இருந்தாலும் 110. நிறுத்திய வண்டியில் முள்ளைப் பார்த்து 'கேஸ் ஃபுல்லா இருக்கு' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கேஸின் அளவைச் சொல்வது தராசு மட்டும்தான். பானெட்டுக்குக் கீழே ஒரு ஸ்டிக்கரில் இத்தனை கிராம் என்று எழுதியிருப்பார்கள்; சின்னக் கார்கள் பலவற்றில் 350-லிருந்து 500 கிராமுக்குள் இருக்கும். கேஸை முழுக்க வெளியே எடுத்து, வேக்கம் போட்டு, அந்த எடையை அளந்து உள்ளே விடுவதுதான் முறை.

அப்புறம் ஓடும்போது பார்க்கும் எண்கள். நீல முள்ளுக்குப் பொதுவாகச் சொல்லும் '30-லிருந்து 40' எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கூலிங் காயில் முடிந்த அளவு குளிர்ந்திருக்க வேண்டும், ஆனால் 0 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. போனால் காற்றில் இருக்கும் ஈரம் காயில் மேல் பனியாகப் படிந்து காற்றுப் பாதையையே அடைத்துவிடும். அதனால் நல்ல ஏசியில் காயில் 1-லிருந்து 6, 7 டிகிரி வரை இருக்கும். அதை அழுத்தமாக மாற்றினால் 30-லிருந்து 40.

சிவப்பு முள்ளுக்கு இப்படி ஒரு நிலையான எண்ணே கிடையாது. கண்டென்சர் வெளிக்காற்றைவிடச் சூடாக இருந்தால்தான் சூடு காற்றுக்குப் போகும். கார்களில் அந்த வித்தியாசம் சுமார் 20-லிருந்து 25 டிகிரி. உங்கள் 34-ஓடு 22-ஐக் கூட்டினால் 56 டிகிரி, அதாவது 205-லிருந்து 210 பிஎஸ்ஐ. இதே காரை மே மாதம் வேலூரில் 40 டிகிரி வெயிலில் நிறுத்திப் பார்த்தால் 240 வரை காட்டும், அது கோளாறு இல்லை. ஊட்டிக்குக் கொண்டுபோய் 18 டிகிரியில் பார்த்தால் 135-தான் காட்டும், அதுவும் கோளாறு இல்லை. அதனால் வெளியே எத்தனை டிகிரி என்று குறித்துக்கொள்ளாமல் எடுத்த சிவப்பு ரீடிங்கை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. என்னிடம் ஃபோனில் 'சிவப்பு 250 இருக்கு, சரியா?' என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, வண்டி நிழலில் நிற்கிறதா வெயிலில் நிற்கிறதா என்றுதான்.

இந்த எண்களை ஒப்பிட வேண்டுமென்றால் எடுக்கும் முறையும் ஒன்றாக இருக்க வேண்டும். இன்ஜினை 1,500 ஆர்பிஎம்-ல் பிடித்து, ப்ளோயர் முழு வேகத்தில், குளிர் முழுசாக, உள்காற்று சுற்றும் பட்டன் போட்டு, ஏழெட்டு நிமிடம் விட்டுப் பாருங்கள். ஏசி போட்ட முதல் நிமிடத்தில் முள் காட்டுவதை எழுதிவைத்துப் பயனில்லை. நீங்கள் ஐடிலில் எடுத்திருக்கிறீர்கள். ஐடிலில் கம்ப்ரசர் மெதுவாகச் சுற்றுவதால், மற்றதெல்லாம் சரியாக இருந்தால் சிவப்பு கொஞ்சம் இறங்கித்தான் நிற்கும். உங்கள் வண்டியில் ஐடிலிலேயே 330 என்றால் நிலைமை எண் காட்டுவதைவிட மோசம்.

330-க்கு நேரே வட்டத்தில் 75 டிகிரி. வெளிக்காற்று 34. வித்தியாசம் 41 டிகிரி, இருக்க வேண்டியதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நீலம் 55-க்கு நேரே 15 டிகிரி. காயிலே 15 டிகிரியில் இருக்கும்போது அதன் வழியாக வரும் காற்று 20-க்குக் கீழே வருவது கஷ்டம். சிக்னலில் வெறும் காற்று வருகிறது என்று நீங்கள் சொல்வது அதுதான். இரண்டு முள்ளும் சேர்ந்து ஏறியிருக்கின்றன. கண்டென்சர் திணறும்போது இப்படித்தான் இருக்கும். மேலே அழுத்தம் ஏறினால் கம்ப்ரசர் ஒவ்வொரு சுற்றிலும் குறைவான கேஸைத்தான் தள்ள முடிகிறது, காயிலுக்குள் திரவத்தை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வு வழியாகக் கேஸ் கூடுதலாக உள்ளே பாய்கிறது, அதனால் கீழேயும் ஏறுகிறது. நீலத்தை மட்டும் பார்த்திருந்தால் கம்ப்ரசர் போய்விட்டது என்று யாராவது முடிவு கட்டியிருப்பார்கள்.

கண்டென்சர் திணற மூன்று காரணங்கள்: அதன்மேல் காற்று ஓடவில்லை, உள்ளே கேஸ் அளவுக்கு மேல் இருக்கிறது, உள்ளே காற்று கலந்திருக்கிறது. மூன்றாவது, உங்கள் 110 ரீடிங்கிலேயே தள்ளுபடியாகிவிட்டது. மிச்சம் இரண்டு. ஹைவேயில் குளிர்கிறது, சிக்னலில் இல்லை என்பது முதல் காரணத்தின் பக்கம் பலமாகச் சாய்கிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் ஃபேன் ஓடாவிட்டாலும் எதிர்க்காற்றே கண்டென்சரைக் குளிர்வித்துவிடும். நின்றால் ஃபேன் ஒன்றுதான் கதி.

அதனால் நாளைக்கு இப்படிச் செய்து பாருங்கள். ஏசி போட்டு பானெட்டைத் திறந்து ஃபேனைப் பாருங்கள். கையைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், நின்றிருக்கும் ஃபேன் சொல்லாமல் சுற்ற ஆரம்பிக்கும். கம்ப்ரசர் பிடித்ததும் ஃபேன் ஓட வேண்டும், குறைந்தது சிவப்பு 220-ஐ ஒட்டி ஏறும்போதாவது ஓட வேண்டும். 330 வரை ஏறியும் ஓடவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று வரிசையாகப் பாருங்கள். ஓடுகிறது என்றால் அதோடு திருப்திப்பட்டுவிடாதீர்கள். செய்தித்தாளில் ஒரு தாளைக் கிழித்து கிரில் வழியாகக் கண்டென்சரின் முன்பக்கம் பிடியுங்கள். தாள் சட்டென்று போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். தொங்கினால் மோட்டார் களைத்துப்போயிருக்கிறது, அல்லது கண்டென்சரின் பின்னலில் தூசியும் பூச்சியும் அடைத்திருக்கின்றன. தாள் வெளிப்பக்கம் தள்ளப்பட்டால் ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது. மோட்டார் மாற்றும்போது இரண்டு ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டால் இப்படி ஆகும். ஃபேன் சத்தமாக ஓடும், பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகத் தெரியும், ஆனால் காற்று எதிர்த்திசையில் போகும்.

அடுத்தது தண்ணீர். கேஜ் மாட்டியபடியே, ஏசி ஓடும்போது, தோட்டத்து ஹோஸில் மெல்லிய தூறலாகக் கண்டென்சரின் முன்பக்கம் நனையும்படி விடுங்கள். ஃபேன் மோட்டார் மேலும் ஒயரிங் மேலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணை சிவப்பு முள்ளில் வையுங்கள். காற்றோட்டக் கோளாறு என்றால் ஓரிரு நிமிடத்தில் 330-லிருந்து 200 பக்கம் சரசரவென்று இறங்கிவிடும், பின்னாலேயே நீலமும் 40-க்கு வரும், உள்ளே வென்ட்டில் கை வைத்தால் குளிர் தெரியும். தண்ணீரை நிறுத்தினால் மறுபடி ஏறும்.

ஒன்று சொல்ல வேண்டும்: கேஸ் கூடுதலாக இருந்தாலும் தண்ணீர் ஊற்றினால் சிவப்பு ஓரளவு இறங்கும். அதனால் இந்தச் சோதனையை மட்டும் நம்பி முடிவு செய்யக் கூடாது. பிரித்துச் சொல்வது கண்டென்சரை விட்டு வெளியே வரும் ஒல்லி பைப்பின் சூடு. பைப்பில் கவ்வும் தெர்மாமீட்டர் இருந்தால் அதை அங்கே மாட்டுங்கள். ஃபேன் கோளாறில் சிவப்பு 75 டிகிரி காட்டும்போது அந்தப் பைப்பும் 70-ஐ ஒட்டியே இருக்கும், திரவம் குளிர நேரமே கிடைக்கவில்லை. கேஸ் கூடுதல் என்றால் கண்டென்சரின் கீழ்ப்பாதி முழுக்கத் திரவம் தேங்கி நிற்கும். தேங்கி நின்ற திரவம் ஆறிவிடும். அதனால் சிவப்பு 75 காட்டினாலும் பைப் 55 பக்கம்தான் இருக்கும். அப்படி இருந்தால் கேஸை வெளியே எடுத்து எடைபோட்டு அடிக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டு முள்ளைப் பார்த்துச் சரிக்கட்டுவது வேண்டாம். காற்றுவெளிக்கும் அந்தக் கேஸ் கெடுதல்.

இந்த நிலையில் இன்னும் கேஸ் ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சிவப்பு 400-ஐத் தாண்டும். பெரும்பாலான கார்களில் 450-ஐ ஒட்டி பிரஷர் சென்சார் கம்ப்ரசரை நிறுத்திவிடும். நின்று நின்று பிடிக்கும். அந்தச் சென்சாரும் வேலை செய்யவில்லை என்றால் கம்ப்ரசரின் சீலோ ஹோஸோ போகும். ஒரு சின்ன ஃபேன் ரிலேயோடு முடிய வேண்டியது கம்ப்ரசர் செலவில் போய் நிற்கும்.

இதற்கு நேர் எதிரான ஏமாற்று வேலையும் ஒன்று இருக்கிறது. நீலம் இறங்கி நின்றால் கேஸ் குறைவு என்ற நம்பிக்கை. என்னிடம் ஒருமுறை ஒரு ஹேட்ச்பேக் வந்தது. வேறொரு இடத்தில் ஒரே வருடத்தில் மூன்று முறை கேஸ் ஏற்றியிருந்தார்கள். காரைக் கொண்டுவந்தவர் சொன்ன அறிகுறி: வீட்டை விட்டுக் கிளம்பினால் 15, 20 நிமிடம் பிரமாதமாகக் குளிரும், அப்புறம் வெறும் காற்று. வண்டியை நிறுத்தி டீ குடித்துவிட்டு வந்தால் மறுபடி குளிரும். கேஜை மாட்டினேன். நீலம் 34, சிவப்பு 205. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். 18-வது நிமிடம்வரை முள் அசையவில்லை. அப்புறம் நீலம் மட்டும் கடிகார முள் மாதிரி மெதுவாக இறங்க ஆரம்பித்தது. 30, 22, 12, பூஜ்ஜியம், பூஜ்ஜியத்துக்கும் கீழே வேக்கம் பக்கம். சிவப்பு 205-லிருந்து 150-க்கு இறங்கியது. இன்ஜினை நிறுத்தி அரை மணி நேரம் விட்டு மறுபடி ஓட்டினேன். மறுபடி 34, 205.

கேஸ் குறைவு என்றால் முதல் நிமிடத்திலிருந்தே குறைவாகக் காட்டும். 18 நிமிடம் சரியாக இருந்துவிட்டுக் குறையாது. இது ஈரம். எப்போதோ பைப்பைத் திறந்து வேலை செய்துவிட்டு வேக்கம் சரியாகப் போடாமல் மூடியிருக்கிறார்கள். உள்ளே தங்கிய ஈரம் கேஸோடு சுற்றி வந்து, எக்ஸ்பான்ஷன் வால்வின் ஊசித் துளையில் பனித்துணுக்காக உறைந்து வழியை அடைத்துவிடுகிறது. அடைத்ததும் காயிலுக்குக் கேஸ் வருவதில்லை, கம்ப்ரசர் மட்டும் உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் நீலம் வேக்கத்துக்கு இறங்குகிறது. நிறுத்தினால் பனி உருகி வழி திறக்கிறது. அதன்மேல் மூன்று முறை கேஸ் ஏற்றியதில் ஈரம் எங்கும் போகவில்லை. கேஸை எடுத்துவிட்டு, ஈரத்தை உறிஞ்சும் ரிசீவர் ட்ரையரைப் புதிதாகப் போட்டு, வேக்கம் பம்ப்பை முக்கால் மணி நேரம் ஓட்டினேன். பம்ப்பை நிறுத்திய பிறகு முள் ஏறாமல் நிற்கிறதா என்று அரை மணி நேரம் பார்த்துவிட்டு, ஸ்டிக்கரில் இருந்த எடையை அளந்து அடித்தேன். அதன்பிறகு ஒரு மணி நேரம் ஓட விட்டும் நீலம் 34-ஐ விட்டு இறங்கவில்லை. ரீடிங் என்பது ஒரு கணத்து எண் மட்டும் அல்ல, முள் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதும் ரீடிங்தான் என்று எனக்குப் பதிந்தது அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோதுதான்.

உண்மையிலேயே கேஸ் குறைந்தால் இரண்டு முள்ளும் சேர்ந்து இறங்கும். உங்கள் 34 டிகிரியில் நீலம் 15, சிவப்பு 120 என்று காட்டினால் அது கேஸ் குறைவு. அப்போதும் முதல் வேலை எங்கே லீக் என்று தேடுவது. பைப் ஜாயின்ட்டில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும் பெரும்பாலும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒன்று மட்டும் கவனம்: புதிய கார்கள் பலவற்றில் கம்ப்ரசர் தன் அளவைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் வகை. அது நீலத்தை 30 பக்கமே பிடித்து வைக்கப் பார்க்கும், அதனால் கேஸ் குறைய ஆரம்பித்தது நீலத்தில் தாமதமாகத்தான் தெரியும்.

கம்ப்ரசரே களைத்துவிட்டால் இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று வரும். நீலம் 70, சிவப்பு 130 என்று நிற்கும், ஆர்பிஎம் ஏற்றினாலும் இடைவெளி பெரிதாகாது. உங்கள் காரில் இடைவெளி 275 பிஎஸ்ஐ. கம்ப்ரசர் நன்றாகவே அழுத்துகிறது, அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

இந்த கேஜை வீட்டு ஸ்பிளிட் ஏசியில் மாட்டிப் பார்க்கும் ஆசை வரும். அங்கே வெளி யூனிட்டில் தெரியும் இரண்டு வால்வுகளும் கூலிங் ஓடும்போது லோ சைடுதான். கேஸ் சுருங்கி விரியும் இடம் வெளி யூனிட்டுக்கு உள்ளேயே இருக்கிறது. அதனால் சிவப்புக்கு அங்கே பொதுவாக வேலை இல்லை. புதிய ஸ்பிளிட்களில் இருக்கும் கேஸ்களின் அழுத்தமும் வேறு, அதற்கென்று உள்ள கேஜும் ஹோஸும்தான் மாட்ட வேண்டும். கார் எண்களை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

கழற்றும்போது அவசரம் வேண்டாம். இன்ஜினை நிறுத்துங்கள். சிவப்பு மெல்ல இறங்கி நீலத்துக்குப் பக்கத்தில் வரும்வரை ஐந்து, பத்து நிமிடம் காத்திருங்கள். கப்ளரின் மேல் திருகை முழுக்கப் பின்னால் திருப்பி உள்ளே இருக்கும் ஊசியை மூடிய பிறகே கப்ளரை உருவுங்கள். போர்ட்டின் பிளாஸ்டிக் மூடியை மறக்காமல் திருகிவிடுங்கள். ஊசி வால்வு லேசாகக் கசிந்தாலும் அந்த மூடிதான் பிடித்து வைக்கும்.

நாளைக்குப் பார்த்துவிட்டு நான்கு விஷயம் எழுதுங்கள்: நிழலில் எத்தனை டிகிரி, 1,500 ஆர்பிஎம்-ல் நீலமும் சிவப்பும் எவ்வளவு, தண்ணீர் விட்ட இரண்டு நிமிடத்தில் சிவப்பு எதில் நிற்கிறது, செய்தித்தாள் ஒட்டியதா இல்லையா.